சாம்பாரில் காய் எங்கே போனது?

சத்துணவுக்கூடத்தின் அண்டாவைத் திறந்தால் முதலில் வெளியேறுவது ஆவி. அடுத்துத் தெரிவது சாம்பார். அதில் காய் எவ்வளவு கிடக்கிறது என்பதைச் சொல்ல, அந்தப் பள்ளியின் கணக்கு நோட்டு பெரும்பாலும் உதவாது. கணக்கு சரியாகவே இருக்கும், கலோரி இலக்கும் எட்டியிருக்கும். காய் மட்டும் பாதியாகியிருக்கலாம். இது எப்படி நடக்கிறது என்று பார்த்தால், நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு உணவுப் பட்டியல் போடும் வேலையின் முடிச்சு முழுவதும் பிடிபட்டுவிடும்.

பள்ளி மதிய உணவுக்கு நாடு முழுவதற்கும் ஓர் அளவு உண்டு. ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 100 கிராம் அரிசி அல்லது கோதுமை, 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி, 5 கிராம் எண்ணெய். இதிலிருந்து 450 கலோரியும் 12 கிராம் புரதமும் கிடைக்க வேண்டும்.

கூட்டிப் பார்ப்போம். 100 கிராம் அரிசி சுமார் 350 கலோரியும் ஏழெட்டு கிராம் புரதமும் தரும். 20 கிராம் துவரம்பருப்பில் 67 கலோரி, நாலரை கிராம் புரதம். எண்ணெயில் 45 கலோரி. காய்கறியில் பதினைந்து கலோரியும் ஒரு கிராம் புரதமும் தேறினால் அதிகம். மொத்தம் 477 கலோரி, 13 கிராம் புரதம். இலக்கைத் தாண்டிவிட்டோம்.

இப்போது காய்கறியைப் பாதியாகக் குறையுங்கள். கலோரியில் ஏழெட்டு போகும், புரதத்தில் அரை கிராம் போகும். இலக்கு அசையவே அசையாது. பருப்பை 20 கிராமிலிருந்து 12 ஆக்கினால் உடனே புரதம் 11 கிராமுக்கு இறங்கி, கணக்கு காட்டிக்கொடுத்துவிடும். கலோரியையும் புரதத்தையும் மட்டும் பார்க்கிறவர் கண்ணுக்குக் காய் குறைவது தெரியாது. ஆனால் வைட்டமின் ஏ, வைட்டமின் சி, நார்ச்சத்து எல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

கைச்செலவு இறுகும்போது முதலில் வெட்டு விழுவதும் அதே காயில்தான். மத்திய அரசின் திட்டத்தில் அரிசி இலவசமாக வந்துவிடுகிறது. பருப்பு, காய், எண்ணெய், மசாலா, எரிபொருள் எல்லாவற்றுக்குமாக 2025 மே மாதம் முதல் தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 6 ரூபாய் 78 காசு. 120 பிள்ளைகள் உள்ள பள்ளி என்றால் 813 ரூபாய். பருப்பு 2.4 கிலோ வேண்டும். கிலோ 140 ரூபாய் என்று வைத்தால் 336. எண்ணெய் 600 கிராமுக்குச் சுமார் 90. காய் 6 கிலோ என்பது நறுக்கிய பிறகு உள்ள அளவு. தோல், காம்பு, விதை, அழுகல் போக 6 கிலோ தேற 7.5 கிலோவாவது வாங்க வேண்டும். கிலோ 40 ரூபாய் என்றால் 300. ஆக 726. மிச்சமுள்ள 87 ரூபாயில் புளி, மிளகாய், கடுகு, அடுப்பு எல்லாம் முடிய வேண்டும். தக்காளியும் கத்தரிக்காயும் கிலோ 60 ஆகும் வாரத்தில் காய்க்கே 450 வேண்டும். பற்று வரவைத் தாண்டிவிடும். தமிழ்நாட்டில் பருப்பும் எண்ணெயும் நுகர்பொருள் வாணிபக் கழகம் மூலம் பொருளாகவே வந்துவிடுவதால், அமைப்பாளர் கையில் ரொக்கமாக நெகிழும் இடம் இன்னும் குறுகிக் காய்கறியில் வந்து நிற்கிறது.

தேர்ந்த அமைப்பாளர் இதனால்தான் ஒவ்வொரு நாளையும் தனியாகப் பார்ப்பதில்லை. இரண்டு வாரச் சுற்று போட்டுவிடுவார். பரங்கிக்காய் மலிந்த வாரத்தில் மிஞ்சிய பணம், வெங்காயம் ஏறும் வாரத்துக்கு உதவும். சத்தும் ஓரளவு இப்படி ஈடுகட்டத் தக்கதுதான். வைட்டமின் ஏ-வை உடல் கல்லீரலில் சேர்த்து வைக்கும். திங்கட்கிழமை தின்ற முருங்கைக்கீரையும் பரங்கிக்காயும் வாரம் முழுக்கக் கைகொடுக்கும். ஆகவே வாரத்தில் இரண்டு நாளாவது கீரை, மஞ்சள் நிறக் காய் என்று பிடிவாதமாக எழுதி வைப்பது போதும். ஒரு வேலையை மட்டும் நாள் தள்ளிப்போட முடியாது: பருப்பிலும் கடலையிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்க, வைட்டமின் சி அதே வேளையில் உடன் போக வேண்டும். அதுவும் சூட்டில் அழியும் சத்து. எலுமிச்சையைக் கொதிக்கும்போது பிழிந்தால் புளிப்பு மட்டும்தான் மிஞ்சும். இறக்கியபின் பிழிய வேண்டும்.

2013 முதல் தமிழ்நாட்டுச் சத்துணவில் பலவகை சாதங்கள் வந்தன. புளிசாதம், எலுமிச்சை சாதம், கொண்டைக்கடலை புலாவ், மீல்மேக்கர் சாதம் என்று தட்டு வண்ணமாயிற்று. ஆனால் சாம்பார் இல்லாத நாளில் பருப்பும் இல்லை. அந்த இடத்தைக் கொண்டைக்கடலைச் சுண்டலோ, மீல்மேக்கரோ நிரப்ப வேண்டும். சுண்டல் பட்டியலில் அலங்காரத்துக்காக உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள், புரதத்தையே விட்டுவிடுகிறார்கள். முட்டை இருக்கிறதே என்று தைரியம் வரலாம். ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம் உண்டு என்பது உண்மை. ஆனால் முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் தருகிறோம். அதில் ஒரு கிராம் புரதம்தான். பட்டியல் போடுகிறவர் அந்தப் பிள்ளையை நினைத்துப் போட வேண்டும்.

காகிதத்திலிருந்து அண்டாவுக்கு வரும்போது இன்னொரு கோளாறு. பத்துப் பேருக்கான சாம்பார் அளவைப் பன்னிரண்டால் பெருக்கினால் 120 பேருக்கு வந்துவிடும் என்பது பொருள்களுக்குச் சரி, தண்ணீருக்குச் சரியில்லை. நீர் ஆவியாவது பாத்திரத்தின் வாய் அகலத்தைப் பொறுத்தது. உள்ளே இருக்கும் அளவு பன்னிரண்டு மடங்கானாலும் வாய் அத்தனை மடங்கு விரிவதில்லை. ஆகவே பெருக்கிய தண்ணீர் அப்படியே தங்கி, சாம்பார் ரசமாகிவிடும். குறைவாக ஊற்றித் தொடங்கி, வேண்டுமானால் கொதிநீர் சேர்ப்பதே வழக்கம். பெரிய அண்டா இறக்கிய பிறகும் வெகுநேரம் சூடு விடாது, அரிசி உள்ளேயே வெந்துகொண்டிருக்கும். வீட்டுப் பதத்துக்கு விட்டால் பரிமாறும் நேரத்தில் களியாகிவிடும்.

பரிமாறுவதிலும் கணக்கு உண்டு. 120 பேருக்கு ஆளுக்கு 200 மில்லி என்றால் 24 லிட்டர் சாம்பார். அதில் 2.4 கிலோ பருப்பும் 6 கிலோ காயும் அடியில் தங்கும். கலக்காமல் மேலே மொண்டு ஊற்றினால் வரிசையில் முன்னால் நிற்கும் பிள்ளைகளுக்குத் தண்ணீர், பின்னால் வருகிறவர்களுக்குக் காய். சராசரி சரியாக இருக்கும், தட்டு இரண்டும் தவறாக இருக்கும். அடிவரை விட்டுக் கலக்கி மொள்ளும் ஒரே அளவுக் கரண்டி இருந்தால் இந்த ஏற்றத்தாழ்வு போய்விடும்.

இவ்வளவுக்குப் பிறகும் சத்து வயிற்றுக்குள் போனதா என்று அறிய ஒரு வழி இருக்கிறது, அது எடைக்கருவி. காலையில் வருகையை எண்ணிய பிறகே அரிசி அளக்க வேண்டும். பெயர்ப்பட்டியலில் 120 பேர் இருந்து 104 பேர் வந்த நாளில் 1.6 கிலோ அரிசி வீணாகச் சோறாகும். அடுத்து, சாப்பிட்டு முடித்த தட்டுகளில் ஒதுக்கிய காயை ஒரு வாளியில் கொட்டி ஒரு வாரம் நிறுத்துப் பார்க்க வேண்டும். பாகற்காய் போட்ட நாளில் 6 கிலோவில் 2 கிலோ திரும்பி வந்தால், அந்த நாளின் கணக்கில் எழுதிய 50 கிராம் உண்மையில் 33 கிராம்தான். அப்போது செய்ய வேண்டியது காயைக் குறைப்பதல்ல. வேறு காய்க்கு மாற்றுவதோ, கீரையைப் பருப்போடு கடைந்துவிடுவதோ, பொடியாக நறுக்கி சாதத்திலேயே கலப்பதோ தான். அடுத்த வாரம் அதே வாளியில் எவ்வளவு சேர்கிறது என்று மீண்டும் நிறுத்தால் மாற்றம் பலித்ததா என்று தெரிந்துவிடும்.