ஆயிரம் கேட்டால் ஆயிரத்து முந்நூற்றைம்பது!

"வெல்டர் வேலை, மாதம் 20,000 ரூபாய்" என்கிறார் ஒரகடம் தொழிற்சாலைக்கு ஆள் சேர்க்கும் ஏஜென்சியின் அலுவலர். "21,000 ஆக்குங்க சார்" என்கிறார் வேலை கேட்டு வந்த தோழர். "என் கையில் இல்லை தம்பி!" என்று பதில் வருகிறது. பொய்யா? பாதி மெய் என்போம் நாம்.

தொழிற்சாலை நிர்வாகம் அந்த வெல்டருக்காக ஏஜென்சிக்குத் தருவது மாதம் 27,000 என்று வைத்துக்கொள்வோம். (அதன்மேல் வரும் 18 சதவிகித ஜி.எஸ்.டி. அரசாங்கத்துக்குப் போவது, அதை ஏஜென்சியின் கணக்கில் சேர்க்க வேண்டாம்.) சம்பளத்தின்மேல் 35 சதவிகிதம் ஏற்றி பில் போடுவது ஏஜென்சியின் வழக்கம். 'மார்க்கப்' என்று அவர்கள் சொல்வது இதைத்தான். 27,000-ஐ 1.35-ஆல் வகுத்துப் பாருங்கள், 20,000 வரும். பில்லையும் சதவிகிதத்தையும் மேலிடத்தார் முன்பே முடித்துவிட்டார்கள். அலுவலருக்கு மிஞ்சியது வகுத்தல் கணக்கு மட்டுமே.

இடையில் நிற்கும் 7,000 எங்கே போகிறது? முழுவதும் கொள்ளை என்று நாம் கூறமாட்டோம். 2014-இல் வைத்த 15,000 வரம்பின்படி பி.எஃப். கட்டினால், நிர்வாகச் செலவும் காப்பீடும் உட்பட 13 சதவிகிதம், அதாவது 1,950 ரூபாய். இ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவிகிதம், 650 ரூபாய். போனசுக்கு 1,200 ஒதுக்குவதாகக் கொள்வோம். ஆக 3,800 சட்டப்படியான செலவு. மீதி 3,200-இல் அலுவலகச் செலவு, பில் பணம் வரும்வரை கைப்பணம் போட்டுச் சம்பளம் கொடுப்பதற்கான வட்டி, அப்புறம் இலாபம்.

இனி அந்த ஆயிரத்துக்கு வருவோம். சம்பளம் 21,000 ஆனால் பில் 28,350 ஆகவேண்டும். தொழிலாளி கேட்டது 1,000. நிர்வாகத்தின் காதில் விழுவது 1,350! "கட்டாது" என்று கைவிரிக்கிறது நிர்வாகம்.

ஆனால் அந்த 350 எதற்கு? பி.எஃப். வரம்பிலேயே நிற்கிறது, உயராது. குறைந்தபட்சக் கூலியை வைத்துக் கணக்கிட்ட போனசும் உயராது. உயர்வது இ.எஸ்.ஐ. மட்டும், அதுவும் 32 ரூபாய் 50 காசு! மிச்சம் 317 ரூபாய் 50 காசு ஏஜென்சியின் பைக்கு. கூடுதல் வேலை ஏதேனும் செய்தார்களா? இல்லை, சதவிகிதம் சம்பாதித்துக் கொடுத்தது.

மறைந்திருக்கும் மறுபாதி இதுதான். பில்லை ஒரு காசும் உயர்த்தாமல் 21,000 கொடுத்தாலும், சட்டச் செலவு போக ஏஜென்சிக்கு 2,167 ரூபாய் 50 காசு நிற்கும். ஆனால் மார்க்கப் 28.6 சதவிகிதமாகிவிடும். 35-க்குக் கீழே இறங்க அலுவலருக்கு உத்தரவில்லை.

ஆகவே அவரிடம் மல்லுக்கட்டிப் பயனில்லை, தோழர்களே! ஏஜென்சி ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும்போது சங்கம் நிர்வாகத்திடம் கேட்கவேண்டியது ஒன்றுண்டு: சட்டச் செலவைத் தனி வரியாக எழுதுங்கள், ஏஜென்சியின் கூலியைச் சதவிகிதமாக அல்லாமல், ஆளுக்கு இத்தனை ரூபாய் என்று எழுதுங்கள். அப்போது ஆயிரம் ரூபாய் உயர்வுக்கு நிர்வாகம் தரவேண்டியது 1,032 ரூபாய் 50 காசுதான்.