'வீ ஆர் நோயிங்': ஒரு மனுவை வாசித்தல்

கரியாலூரில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மனுவைத் திருத்திக் கொடுத்தேன். 2006 வன உரிமைச் சட்டத்தின் கீழ் நிலம் கேட்கும் ஒரு மலையாளிக் குடும்பத்துக்காக, கல்லூரியில் படிக்கிற தம்பி ஒருவன் டெல்லிக்கு அனுப்ப இங்கிலீஷில் எழுதியிருந்தான். "தப்பு இருந்தா அடிச்சிருங்கண்ணே" என்றான். முக்கியமான வாக்கியங்கள் நான்கு.

வீ ஆர் பிலாங்கிங் டு மலையாளி ட்ரைப். வீ ஆர் ஹேவிங் டூ ஏக்கர்ஸ். வீ ஆர் கல்டிவேட்டிங் திஸ் லேண்ட். ஆல் வில்லேஜர்ஸ் ஆர் நோயிங் திஸ்.

படித்த நகரத்துக்காரன் இதைப் பார்த்துச் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்கு நம்மிடம் ஒரு மரபே இருக்கிறது. நிஸ்ஸிம் எஸெக்கியேலின் மிஸ் புஷ்பா பற்றிய கவிதை இந்த 'இங்' விகுதியை வைத்துத்தான் ஒரு பேச்சுமொழியையே நடித்துக் காட்டியது. சிரிப்பதற்கு முன்னால், எது இங்கே பிழை என்று அடையாளம் காணத் தெரிய வேண்டும்.

ஆம், இஸ், ஆர், வாஸ், வேர் இவற்றில் ஒன்றும் பின்னால் 'இங்'கும் வந்தால் அது தொடர்வினை. தொடர்வினை, நடந்துகொண்டிருக்கும் செயலுக்கு உரியது. தெரிதல், உடைமை, உறவு, நம்பிக்கை போன்றவை செயல்கள் அல்ல, நிலைகள். நிலைக்கு இங்கிலீஷ் இலக்கணம் சாதாரண நிகழ்காலத்தைத்தான் கேட்கிறது: வீ ஹேவ், வீ நோ, வீ பிலாங்.

எது நிலை என்று கண்டுபிடிக்க நான் வைத்திருப்பது ஒரு தமிழ்க் கேள்வி: "என்ன பண்றே?" "உழுதுக்கிட்டிருக்கேன்" என்று பதில் சொல்லலாம். "எனக்குத் தெரியும்" என்றோ "ரெண்டு ஏக்கர் வச்சிருக்கேன்" என்றோ சொன்னால் கேட்டவன் முழிப்பான். பதிலாகப் பொருந்தாதது நிலை. அதில் 'இங்' ஒட்டியிருந்தால் அதுதான் நாம் தேடுவது.

வினைச்சொல்லை மட்டும் பட்டியல் போட்டுப் பிடித்தால் ஏமாறுவோம், பொருளையும் பார்க்க வேண்டும். 'வீ ஆர் ஹேவிங் டீ' சரி. அங்கே ஹேவ் என்றால் குடிப்பது. 'ஐ ஆம் திங்கிங்' என்பது யோசித்துக்கொண்டிருப்பது என்றால் சரி. அபிப்பிராயம் என்றால் 'ஐ திங்க்'. எல்லையும் ஆடிக்கொண்டேதான் இருக்கிறது. மெக்டொனால்ட்ஸ் 2003இல் 'ஐ'ம் லவ்விங் இட்' என்று உலகம் முழுக்க விளம்பரம் செய்தபோது அது புதுமை. கல்வராயன் மலைப் பையன் எழுதினால் அறியாமை. இலக்கணத்தைவிட யார் பேசுகிறார்கள் என்பதுதான் இங்கே தீர்ப்பு எழுதுகிறது.

இது எங்கிருந்து வருகிறது? 'தாய்மொழியின் தாக்கம்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். பாதிதான் உண்மை. 'வச்சிருக்கோம்' என்பதன் கடைசியில் 'இரு' நிற்கிறது; அது 'ஆர் ஹேவிங்' ஆவது புரிகிறது. ஆனால் 'எனக்குத் தெரியும்' என்பதில் 'கொண்டிரு' எங்கே? எழுவாயே 'நான்' இல்லை, 'எனக்கு'. தமிழில் யாரும் 'தெரிந்துகொண்டிருக்கிறேன்' என்று இந்தப் பொருளில் சொல்வதில்லை. அப்படியானால் 'நோயிங்' மொழிபெயர்ப்பு அல்ல. கதவைத் திறந்தபடியே 'ஐ ஆம் ஓபனிங் தி டோர்' என்று நம்மை ஒப்பிக்க வைத்த வகுப்பறையும் இதில் பங்காளி என்பது என் சந்தேகம். இங்கிலீஷ் என்றாலே 'ஆம்' போட்டு 'இங்' போடுவது என்று அங்கேதான் பதிந்தது.

இப்போது மனுவுக்குத் திரும்புவோம். முதல், இரண்டாம், நான்காம் வாக்கியங்கள் நம் கேள்வியில் மாட்டிக்கொள்கின்றன. திருத்தினேன். ஆனால் அவற்றைத் திருத்தாமல் அனுப்பியிருந்தாலும் ஒன்றும் குடிமுழுகிப்போயிருக்காது. எந்த அதிகாரிக்கும் பொருள் விளங்கும்.

ஆபத்து இருந்தது மூன்றாவதில். கல்டிவேட் செயல்வினை. 'என்ன பண்றே?'வுக்குப் பதிலாகும், யாரும் சிரிக்க மாட்டார்கள். ஆனால் அது 'இப்போது பயிர் செய்கிறோம்' என்று மட்டுமே சொல்கிறது. சட்டம் கேட்பது, 13 டிசம்பர் 2005க்கு முன்பே அந்த நிலம் அவர்கள் அனுபவத்தில் இருந்ததா என்பதை. நேற்று வந்து உழ ஆரம்பித்தவனும் 'வீ ஆர் கல்டிவேட்டிங்' என்றுதான் எழுதுவான். தமிழில் 'தாத்தா காலத்துலேர்ந்து பயிர் பண்றோம்' என்றால் நிகழ்கால வினையே பழைய காலத்தையும் சுமந்துவிடும். இங்கிலீஷில் சுமக்காது, 'ஹேவ் பீன் கல்டிவேட்டிங்' வேண்டும், கூடவே எந்த வருஷத்திலிருந்து என்பதும் வேண்டும்.

"எந்த வருஷம்டா?" என்று கேட்டேன். தம்பிக்குத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் பாட்டியிடம் கேட்டோம். அந்தம்மா வருஷம் சொல்லவில்லை. தனக்குக் கல்யாணமாகி வந்தபோது அந்தக் காட்டில் சாமை விளைந்து நின்றதைச் சொன்னார்.

அதிலிருந்து கணக்குப் போட்டு வருஷத்தை எழுதினோம்.