முகத்தில் விழுந்த வெயில் கோடு

மாலைச் சூரியனை முதுகுப்பக்கம் வைத்துப் படம் எடுத்தால் தலைமுடியின் ஓரமெல்லாம் பொன்னாக மின்னும். சில சமயம் கூடவே புருவத்திலிருந்து கன்னம்வரை ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடும் விழுந்துவிடும். லென்ஸுக்குள் அடுக்கியிருக்கும் கண்ணாடிகளில் வெயில் பட்டுத் திரும்புவதால் வருவது இது. செல்போன் படம் என்றால், லென்ஸில் ஒட்டிய விரல் பிசுக்கே பெரும்பாலும் காரணம்.

இதைப் பரு, தழும்பை அழிப்பதுபோல் பக்கத்துத் தோலை எடுத்து ஒட்டி மறைக்கப் பார்ப்பவர்கள் அதிகம். அப்படிச் செய்தால் கன்னம் மெழுகு பூசியதாகிவிடும், புருவ முடிகள் குழம்பிப்போகும். அதற்கு அவசியமே இல்லை. கோட்டுக்கு அடியில் தோலின் நுண்துளைகள் அப்படியே இருக்கின்றன. அவற்றின் மேல் கொஞ்சம் வெளிச்சம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். கூடியதைக் கழித்தால் போதும்.

எவ்வளவு கழிப்பது? அதைப் படமே சொல்லும். ஒரு மணமகளின் படத்தில் கோட்டுக்கு வெளியே புருவத்தின் சிவப்பு அளவு 20, கோட்டுக்குள் 95 என்று வைத்துக்கொள்வோம். அதே படத்தில் கன்னத்தின் அளவு வெளியே 205, உள்ளே 220. கருமையான புருவம் 75 ஏறியிருக்க, வெளிறிய கன்னம் 15தான் ஏறியிருக்கிறது. மொத்த வெளிச்சத்தை மட்டும் குறைத்தால் கோடு போகாமல் சாம்பல் பட்டையாக நிற்பது இதனால்தான்.

போட்டோஷாப்பில் Curves லேயர் ஒன்றைத் திறந்து, Red பகுதியில் இரண்டு புள்ளிகள் வைக்க வேண்டும்: 95 என்பது 20 ஆகவும், 220 என்பது 205 ஆகவும். பிறகு Green, Blue இரண்டுக்கும் இதேபோல் அளந்து செய்யலாம். சூரியன் மறையும் நேரத்து வெயிலில் சிவப்பே மிகுதி என்பதால் அவற்றில் மாற்றம் குறைவாகவே இருக்கும். இப்போது முகம் முழுவதும் இருண்டு தெரியும். மாஸ்க்கைத் தேர்ந்து Ctrl+I அழுத்தினால் பழையபடி ஆகிவிடும். அதன்மேல் விளிம்பு மென்மையான வெள்ளை பிரஷ்ஷால் கோட்டின் மேல் மட்டும் மெல்ல வரைய வேண்டும். கோட்டின் ஓரம் படிப்படியாக மங்குவதால் பிரஷ்ஷின் ஓரமும் அப்படியே மங்க வேண்டும். இல்லாவிட்டால் இரு பக்கமும் கரிய வரம்பு தெரியும்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கக் கண்ணிமை முடிகள் உதவும். கோட்டுக்குள் இருக்கும் முடி வெளியே இருப்பதைப்போல் கறுத்திருந்தால் கணக்கு சரி. சாம்பல் பூத்திருந்தால் முதல் புள்ளியை இன்னும் கீழே இறக்க வேண்டும்.

கோட்டின் நடுவில் சிவப்பு 255ஐத் தொட்டிருந்தால் இந்த வழி அங்கே செல்லாது. அந்த இடத்தில் சிவப்பில் கழிக்க விவரமே மிஞ்சியிருக்காது. ரா கோப்பு இருந்தால் வெளிச்சத்தைக் குறைத்து மறுபடி திறந்து பார்க்கலாம். அதிலும் வெளுத்திருந்தால், அந்தச் சிறு துண்டுக்கு மட்டும் மறுகன்னத்தின் தோலை எடுத்து ஒட்டுவதுதான் வழி.

முக்காலியில் கேமராவை நிறுத்தியிருப்பவர்களுக்கு இன்னும் சுலபமான வழி உண்டு. வழக்கமான படத்தை எடுத்தவுடனே, லென்ஸுக்கு முன்னால் விரலை நீட்டிச் சூரியனை மட்டும் மறைத்து இன்னொரு படம் எடுத்துக்கொள்ளலாம். ஆள் அசையாமல் இருந்தால், கோடில்லாத முகத்தை அதிலிருந்து எடுத்து முதல் படத்தில் பொருத்திவிடலாம்.