ஐந்து சென்டிமீட்டர் பிழையும் ஓடும் வீரரின் வேகமும்

கால்பந்து மைதானத்தைச் சுற்றிப் பொருத்தப்பட்ட கேமராக்கள், ஒவ்வொரு வீரரும் எங்கே இருக்கிறார் என்பதைப் பொதுவாக நொடிக்கு 25 முறை பதிவு செய்கின்றன. கிடைப்பது இடம் மட்டும்தான். வேகத்தையும் முடுக்கத்தையும் அந்தப் புள்ளிகளிலிருந்து நாம்தான் கணக்கிட வேண்டும்.

ஒருவர் நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் சீராக ஓடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே 0.04 நொடி, அதற்குள் அவர் 28 செ.மீ. நகர்வார். மூன்று ஃபிரேம்களில் 0, 28, 56 என்று பதிவாக வேண்டும். நடுப்புள்ளி மட்டும் 5 செ.மீ. தள்ளி 33 என்று விழுந்தால் என்ன ஆகும்? முதல் இடைவெளியில் வேகம் 8.25 மீட்டர், அடுத்ததில் 5.75. இந்த வேறுபாட்டை மறுபடி 0.04-ஆல் வகுத்தால், அவர் 62.5 மீ/வி² அளவுக்குத் திடீரென வேகம் குறைத்ததாக வருகிறது. புவியீர்ப்பு முடுக்கத்தைவிட ஆறு மடங்குக்கும் மேல்! எந்த மனிதராலும் அப்படி நிற்க முடியாது. 0.04-ஆல் வகுப்பது 25-ஆல் பெருக்குவதுதான். முடுக்கத்துக்கு அதை இரண்டு முறை செய்கிறோம்.

இதற்குப் பலரும் நாடுவது சாவிட்ஸ்கி–கோலே வடிகட்டி. ஆய்வக அளவீடுகளுக்காக 1964-இல் இரு அறிவியலாளர்கள் வெளியிட்ட முறை. இரண்டு புள்ளிகளை மட்டும் நம்பாமல், அடுத்தடுத்த ஏழு புள்ளிகளுக்கு மிக நெருக்கமாகப் போகும் கோடு ஒன்றை வரைந்து, அதன் சாய்வையே நடு ஃபிரேமின் வேகமாகக் கொள்கிறது. பைதானில் ஒரே வரி:

```python
vx = savgol_filter(x, 7, 1, deriv=1, delta=0.04)
```

அதே 5 செ.மீ. பிழை இப்போது வேகத்தை அதிகபட்சம் நொடிக்கு 0.13 மீட்டர்தான் கலைக்கும். முடுக்கத்துக்கு நேர்கோடு போதாது, வளைகோடு வேண்டும். புள்ளிகளும் கூடுதலாக வேண்டும். 25 புள்ளிகள், அதாவது ஏறத்தாழ ஒரு நொடி எடுத்துக்கொண்டால், 62.5 ஆக இருந்த பிழை 0.1 அளவுக்கு இறங்கிவிடும்.

இதற்கு ஒரு விலை உண்டு. தற்காப்பு வீரரை ஏமாற்ற ஒருவர் சட்டென நின்று திரும்புவது அரை நொடிக்குள் முடிந்துவிடும். ஒரு நொடி நீளக் கணக்கில் அந்த உச்சம் மழுங்கி, அவர் நிதானமாகத் திரும்பியதுபோலத் தெரியும். என் பார்வையில், ஆட்டத்தின் மிக முக்கியமான கணங்களே இப்படித் தொலைவதுதான் பெரிய இழப்பு. ஆகவே கூர்மையான திருப்பங்களை ஆராய்பவர் சற்றுக் கூடுதல் இரைச்சலைப் பொறுத்துக்கொண்டு குறைந்த புள்ளிகளையே எடுக்க வேண்டும். இரண்டு நிறுவனங்கள் தரும் ‘அதிகபட்ச முடுக்கம்’ ஒத்துப்போகாததற்கும் இது ஒரு காரணம்.

இரண்டு பாதிகளையும் தனித்தனியே கணக்கிட வேண்டும். சேர்த்தால், இடைவேளையில் பக்கம் மாறிய வீரர் ஒரே ஃபிரேமில் மைதானத்தைக் கடந்ததாக வரும்.

மென்மையாக்கல் போதுமா என்று சோதிக்க, அசையாமல் நிற்கும் கோல்கீப்பரைப் பாருங்கள். வேகத்தின் அளவுக்கு எதிர்க்குறி கிடையாது என்பதால் அவருடைய நடுக்கப் பிழைகள் ஒன்றையொன்று அழிக்காமல் கூடிக்கொண்டே போகும். நின்ற இடத்திலேயே அவர் பல மீட்டர் ஓடியதாகக் கணக்கு சொல்லும். அதனால் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் வேகத்தை முதலில் தனித்தனியே மென்மையாக்கிவிட்டு, அதன் பிறகே இரண்டையும் சேர்த்து மொத்த வேகத்தைக் காண வேண்டும்.