ஏழு நாள் இலவசம், எட்டாம் நாள் கணக்கு

“முதல் ஏழு நாள் இலவசம்” என்று விளம்பரம் போட்டால் ஆட்கள் வந்து குவிவார்கள். குவிந்தவர்களில் எட்டாம் நாள் யார் காசு கொடுத்தார், அவரை எந்த விளம்பரம் கூட்டி வந்தது என்று கேட்டால்தான் பல சிறு நிறுவனங்களிடம் பதில் இருக்காது.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். தமிழில் ஒலிப்புத்தகம் தரும் ஒரு செயலி. சந்தா மாதம் 149 ரூபாய். இரண்டு விளம்பரங்களுக்குத் தலா 20,000 ரூபாய் செலவிடுகிறார்கள். முதல் விளம்பரத்தில் “7 நாள் இலவசம்” என்பது மட்டும் பெரிய எழுத்தில் இருக்கிறது. இரண்டாவதில் அதன் கீழேயே “பிறகு மாதம் 149 ரூபாய்” என்றும் எழுதியிருக்கிறது. முதலாவதைப் பார்த்து 1,000 பேர் சேர்ந்தார்கள். இரண்டாவதைப் பார்த்து 400 பேர்தான். ஓர் ஆளைச் சேர்க்க அங்கே 20 ரூபாய், இங்கே 50 ரூபாய். இந்த இடத்தில் கணக்கை மூடிவிட்டால் இரண்டாவது விளம்பரம் தோற்றது என்றுதான் தோன்றும்.

எட்டாம் நாள் படம் மாறுகிறது. முதல் கூட்டத்தில் 50 பேர் பணம் கட்டினார்கள். இரண்டாவதில் 80 பேர். அதாவது பணம் கட்டும் ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க முதலாவதில் 400 ரூபாய் ஆனது, இரண்டாவதில் 250 ரூபாய். அடுத்த மாதமும் தொடர்ந்தவர்கள் முறையே 20, 60 என்றால் இடைவெளி இன்னும் விரியும். விலையை முன்கூட்டியே சொன்ன விளம்பரம் கூட்டத்தைக் குறைத்தது உண்மை. ஆனால் அது கழித்துவிட்டது பெரும்பாலும் வாங்கப் போகாதவர்களை.

இது தெரிய வேண்டுமானால் ஆள் வந்த வழியை அவர் பணம் கட்டும்வரை தொலைக்காமல் வைத்திருக்க வேண்டும். விளம்பரத்தின் இணைப்பிலேயே ஓர் அடையாளம் ஒட்டியிருக்கும்:

```
?utm_source=google&utm_campaign=vilai&gclid=...
```

`utm_campaign` எந்த விளம்பரம் என்பதைச் சொல்லும். `gclid` என்பது கூகுள் விளம்பரத்தில் ஒவ்வொரு சொடுக்குக்கும் தரப்படும் எண். ஒருவர் பதிவு செய்யும்போது இவற்றை அவருடைய கணக்கோடு சேர்த்துச் சேமிக்க வேண்டும். முதல் பணம் வந்ததும் அந்தச் சொடுக்கு எண்ணைக் கூகுளுக்குத் திருப்பி அனுப்பலாம். சொடுக்கிய 90 நாளுக்குள் அனுப்ப வேண்டும். இதைச் செய்யாமல் ‘பதிவு செய்தால் வெற்றி’ என்று மட்டும் சொல்லி வைத்தால், விளம்பர இயந்திரம் அதை அப்படியே நம்பி, இலவசத்துக்கு மட்டும் வருகிறவர்களைத் தேடித் தேடிக் கொண்டுவரும். குற்றம் இயந்திரத்தின் மேல் இல்லை.

கணக்கு பிசகும் இன்னோர் இடம் உண்டு. இந்த வாரம் பணம் கட்டியவர்களை இந்த வாரம் சேர்ந்தவர்களால் வகுப்பது. போன வாரம் 1,000 பேர் சேர்ந்து அவர்களில் 50 பேர் இப்போது கட்டுகிறார்கள் என்றால் விகிதம் 5 சதவீதம். இந்த வாரம் விளம்பரத்தை இரட்டித்து 2,000 பேர் சேர்ந்திருந்தால், அதே 50 பேரை 2,000-ஆல் வகுத்து “விகிதம் பாதியாகிவிட்டது” என்று பதறுவார்கள். உண்மையில் எதுவும் குறையவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு எட்டாம் நாளே வரவில்லை. ஒரே வாரத்தில் சேர்ந்தவர்களை ஒரு தொகுதியாக வைத்து, அந்தத் தொகுதியை மட்டும் பின்தொடர வேண்டும்.

பணம் கட்டியவர் என்றால் யார் என்பதிலும் கவனம் தேவை. ஆட்டோபே அனுமதி கொடுத்துவிட்டு, எட்டாம் நாள் கணக்கில் இருப்பு இல்லாமல் போனவரைச் சேர்க்கக் கூடாது. அந்த ஏழு நாளில் செயலியைத் திறக்கவே திறக்காமல் பணம் மட்டும் போனவர்களைத் தனியே எண்ணிப் பார்ப்பது நல்லது. அவர்கள் ரத்து செய்ய மறந்தவர்கள். வங்கிச் செய்தியைக் கண்டதும் திட்டிக்கொண்டே வெளியேறுவார்கள். அவர்களை வெற்றிக் கணக்கில் எழுதுவது தன்னையே ஏமாற்றிக்கொள்வது.

மறதியை நம்பித் தொழில் நடத்த இந்தியாவில் இப்போது இடமும் குறைவு. ரிசர்வ் வங்கி விதிப்படி, தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும். 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், ரத்து செய்யும் வழியை ஒளித்து வைப்பதையும், இலவசச் சந்தாவுக்காகத் தானியங்கிப் பிடித்தத்துக்கான அனுமதியைக் கட்டாயப்படுத்துவதையும் ‘சந்தாப் பொறி’ என்ற தலைப்பில் சேர்த்திருக்கின்றன.

சந்தாதாரராக இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: செயலியை போனிலிருந்து நீக்கிவிட்டால் ஆட்டோபே நின்றுவிடாது. உங்கள் யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதியைத் திறந்து, அந்த அனுமதியை அங்கேயே ரத்து செய்யுங்கள்.