தரவு கண்ணில் பட வேண்டுமானால்

ஜெனோடோ போன்ற திறந்த களஞ்சியத்தில் தேடுபவருக்கு ஒரு தரவுத்தொகுப்பு கிடைப்பது அதன் தலைப்பாலும் விவரக்குறிப்பாலும்தான். அட்டவணைக்குள் இருக்கும் எண்களால் அல்ல. "கிணற்றுத் தரவு – இறுதி" என்று பெயரிட்டால் யார் கண்ணிலும் படாது. எந்த வட்டாரம், எத்தனை கிணறுகள், எந்த ஆண்டுகள், எந்த அலகு என்பதை முதல் இரண்டு வரிகளிலேயே சொல்லிவிட வேண்டும். நீர்மட்டத்தைத் தரையிலிருந்து அளந்தார்களா, கைப்பிடிச் சுவரின் விளிம்பிலிருந்தா என்பது விடுபட்டால் எண்கள் இருந்தும் பயனில்லை. வெற்றுக் கட்டம் கிணறு வற்றியதைக் குறிக்கிறதா, அன்று யாரும் அளக்கவில்லை என்பதையா? அதையும் எழுத வேண்டும்.

குறிச்சொற்களில் "ஆய்வு", "தரவு" போன்றவை வீண். ஒரே பொருளைத் தேடும்போது ஒருவர் groundwater என்பார், இன்னொருவர் water table என்பார்; இரண்டையும் தனித்தனியாக இட வேண்டும்.

வெளியிட்ட பிறகும் விவரத்தைத் திருத்தலாம், டிஓஐ எண் மாறாது. கோப்பை மாற்றிப் புதிய பதிப்பு வெளியிட்டால் அதற்குத் தனி எண்.