மூன்றாண்டுக்கு ஒருமுறை திரும்பும் வசனம்

ஆகஸ்ட் 29-இல் கொடியேறி செப்டம்பர் 8-இல் திருவிழா நிறைவுறும்வரை வேளாங்கண்ணிப் பேராலயத்துத் திருப்பலிகள் நேரலையாகப் பல ஊர்களை எட்டுகின்றன. திருவிழா முடிந்தாலும் ஞாயிறு வந்துகொண்டே இருக்கும். வாரந்தோறும் வீடியோ தொகுப்பவர் வசன அட்டையையும் பெயர்ப்பட்டையையும் ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்ய வேண்டுமா?

கத்தோலிக்க வழிபாட்டு நாட்காட்டியிலேயே இதற்கு விடை இருக்கிறது. ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் வருகின்றன. ஆண்டை 3-ஆல் வகுத்து மீதி 1 வந்தால் முதல் ஆண்டு, 2 வந்தால் இரண்டாம் ஆண்டு, மீதியே இல்லையென்றால் மூன்றாம் ஆண்டு. சுழற்சி மாறுவது மட்டும் ஜனவரியில் அல்ல, அதற்கு முந்தைய திருவருகைக் காலத்திலேயே.

2023 மார்ச் 19, தவக்காலம் நான்காம் ஞாயிறு. பதிலுரைப் பாடல், திருப்பாடல் 23. அன்று செய்த அட்டை 2026 மார்ச் 15-இல் அப்படியே உதவும். கோப்புக்கு அன்றைய தேதியைப் பெயராக வைத்திருந்தால் மூன்று ஆண்டு கழித்து யாரும் அதைத் தேடி எடுக்கப்போவதில்லை. `1-TK04-TP23.png` என்று ஆண்டு, காலம், பாடல் வரிசையில் வைத்தால் கைக்கு வந்துவிடும்.

பாடல் எண்ணை மட்டும் நம்பினாலும் சிக்கல்தான். அதே ஆண்டு பொதுக்காலம் 28ஆம் ஞாயிறிலும் திருப்பாடல் 23 வரும்; ஆனால் மக்கள் சொல்லும் பல்லவி வேறு. பழைய அட்டையைப் போட்டால் கோயிலில் ஒரு வரி ஒலிக்க, திரையில் வேறொரு வரி நிற்கும்.

பெயர்ப்பட்டையில் வருவது வேறு தொல்லை. வழக்கமான எம்பி4 கோப்பு ஒளிபுகும் பின்னணியைச் சேமிக்காது. பட்டையைச் சுற்றிக் கறுப்புக் கட்டம் தெரியும். அசையாத பட்டைக்குப் பிஎன்ஜி போதும். எழுத்தைப் படமாக உறையவைக்காமல், திருத்தக்கூடிய வார்ப்பாக வைத்திருந்தால் அடுத்த வாரம் மறையுரையாற்றுபவரின் பெயரைத் தட்டினாலே முடிந்தது. முதலில் ‘கொ’, ‘பௌ’ இரண்டையும் தட்டிப் பார்ப்பது நல்லது. மென்பொருளின் எழுத்து அமைப்பு இந்திய மொழிகளுக்கு மாற்றப்படாவிட்டால் கொம்பு இடம் மாறி நிற்கும்.

பின்னணிக்கு எல்லோரும் எடுப்பது கடல் அலை. கண்ணுக்கு அது அமைதி, வீடியோ சுருக்கத்துக்கு அமளி. முந்தைய பிரேமிலிருந்து மாறியதை மட்டுமே சேமித்துச் சுருக்கும் முறையில், அலையின் ஒவ்வொரு நுரையும் புதுச் செய்தி. குறைந்த பிட்ரேட்டில் தரவு போதாமல் வசன எழுத்தைச் சுற்றிக் கட்டம் கட்டமாகச் சிதறும். காற்றில் அசையும் நெல்வயலும் அப்படித்தான். முடிந்த வீடியோவைக் கைபேசியில் ஒருமுறை ஓட்டினால் இது தெரிந்துவிடும்.

அலையை லேசாக மங்கலாக்கினால் நுண்விவரம் குறையும், சிதறலும் அடங்கும். பிறகு 20 விநாடித் துண்டை நடுவில் வெட்டி, இரு பாதியையும் இடம் மாற்றி, சேரும் இடத்தில் 2 விநாடி கரைத்துவிட்டால் 18 விநாடி மிஞ்சும். அதன் முடிவும் தொடக்கமும் முன்பு அடுத்தடுத்து இருந்த பிரேம்கள் என்பதால், எத்தனை முறை சுற்றினாலும் ஒட்டுத் தெரியாது.